டிஷ் ஏன் அண்ணாந்து பார்க்கிறது?



பதுளையிலிருந்து பசறைக்குப் பஸ்ஸில் போகும்போது லயங்களின் தகரக் கூரைகளைக் கவனித்திருப்பீர்கள். காம்பராவுக்கு ஒரு டிஷ். அவற்றில் பல எதிரே இருக்கிற மலையைப் பார்ப்பதில்லை. முகத்தை நன்றாக உயர்த்தி, ஒரே திசையில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஏன் என்று யோசித்தீர்களா?

அதற்கு அன்டனா காலத்திலிருந்து வரவேண்டும். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது நம் பக்கத்துக்கு அலை வந்தது பிதுருதலாகலை உச்சியிலிருந்து. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலையைச் சுற்றிக்கொண்டு வராது. பிதுருதலாகலை நமக்கு மேற்கே இருக்கிறது. அதனால் மேற்குப் பார்த்த சரிவில் இருந்த லயத்துக்குப் படம் தெளிவு. முதுகைக் காட்டிய சரிவுக்கும் பள்ளத்துக்கும் வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனில் தெரிந்தது கீழ் டிவிசனில் தெரியாது. சில இடங்களில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். எதிர்மலையில் பட்டுத் திரும்பிய அலை சற்றுப் பிந்தி வந்து சேர்வதால் வரும் கோளாறு அது. அன்டனாவை எத்தனை முறை திருப்பினாலும் முழுதாகப் போகாது.

அன்றைக்கு நாம் என்ன பார்ப்பது என்பதை மலைதான் தீர்மானித்தது. தெரிந்த ஓரிரு சேனல்களிலும் தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். 1998இல் சக்தி டிவி வந்த பிறகுதான் நாள் முழுக்கத் தமிழ் கேட்டது. அதுவும் அலை எட்டிய வீட்டில்.

கேபிள் வந்ததும் தீர்மானம் கேபிள்காரர் கைக்கு மாறியது. 1993இல் சன் டிவி தொடங்கியது. அதைச் செய்மதியிலிருந்து பிடிக்க அன்று ஆள் உயரத்துக்கும் பெரிய டிஷ் வேண்டும்; ஒரு குடும்பத்தால் முடியுமா? ஒருவர் வாங்கி வைத்து, வயர் இழுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். லயத்துக்கு இது வசதி. பத்துக் காம்பராவும் ஒரே கூரையின் கீழ்தானே! ஆனால் வயர் நீள நீள, பிரிக்கப் பிரிக்க, சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். தொங்கல் காம்பராவில் படம் மங்கினால் வழியில் ஒரு பூஸ்டர் போட வேண்டும். அவர் எந்தச் சேனலைப் போட்டாரோ, அதுதான் எல்லா வீட்டிலும்.

சிறிய டிஷ்ஷும் பெட்டியும் சேர்ந்து வந்தபோதுதான் மலை குறுக்கே நிற்பது ஓய்ந்தது. செய்மதி நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. பதுளை அந்தக் கோட்டிலிருந்து 7 பாகைதான் வடக்கே. உதாரணமாக, சன் டைரக்ட் செய்மதி கிழக்கு 93.5 பாகையில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 73 பாகை உயரத்தில், ஏறக்குறையத் தலைக்கு மேல். எந்தப் பள்ளத்தில் இருக்கிற லயத்துக்கும் நமுனுகுல மலை அந்த உயரத்துக்கு எழும்பி மறைக்காது. டிஷ் அண்ணாந்திருப்பதன் காரணம் இதுதான்.

பெட்டிக்கென்று ஒரு குணம் உண்டு. அன்டனாவில் படம் மங்கினாலும் கதை புரியும். பெட்டியில் படம் முழுதாக வரும்; இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பெருமழையில் நின்று, மழை விட்டதும் தானே வந்தால் அது கோளாறு அல்ல. மழைத்துளிகள் அந்த அலையை விழுங்கிவிடுகின்றன. வெயில் வந்தும் வராவிட்டால், டிஷ் முனையில் வயர் மாட்டும் இடத்தில் தண்ணீர் போயிருக்கிறதா, காற்றில் டிஷ் அசைந்துவிட்டதா என்று பாருங்கள். ஓரிரு பாகை விலகினாலும் போச்சு.

இன்னொன்று, எனக்கு மனதை உறுத்துவது. இந்தியப் பெட்டியில் வருவது இந்தியாவில் தொகுத்த சேனல் வரிசை. சென்னையில் மழை பெய்தால் நமக்குத் தெரிகிறது. நம் மலையில் பெய்தால்? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு என்பதை உள்ளூர்ச் செய்திதான் சொல்லும்.

ஆகவே, பெட்டி வந்ததென்று பழைய அன்டனாவைக் கழற்றிப் போடாதீர்கள். இரண்டும் ஒரே டிவியில் இருக்கலாம். பெட்டியின் வயர் ஏவி அல்லது எச்டிஎம்ஐ துளைக்கு, அன்டனா வயர் அதற்குரிய வட்டத் துளைக்கு. ரிமோட்டில் இன்புட்டை மாற்றினால் நம் நாட்டுச் சேனல், மாதக் கட்டணம் இல்லாமல். அன்டனாவுக்கு எட்டாத பள்ளத்தில் இருப்பவர்கள், மழை மாதங்களில் பேட்டரி போட்ட ஒரு ரேடியோவை இஸ்தோப்பில் வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்