தாத்தாவின் டெபாசிட்டும் பேரனின் விசாவும்

முன்பெல்லாம் வங்கியில் இருப்புச் சான்றிதழ் கேட்டு வருபவர்கள் குறைவு. இப்போது திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி என்று எந்தக் கிளைக்குப் போனாலும், ஜூன் ஜூலை மாதங்களில் "பையன் வெளிநாடு போறான், பேலன்ஸ் சர்டிபிகேட் வேணும்" என்று கேட்கும் பெற்றோரைப் பார்க்கலாம். அவர்களோடு கூடவே ஒரு தாத்தாவும் வந்திருப்பார். பணம் பெரும்பாலும் அவருடையதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த தொகையை பிக்சட் டெபாசிட்டில் போட்டு வைத்திருப்பார். "என் பேரில் இருக்கிற டெபாசிட்டுக்கே ஒரு சான்றிதழ் கொடுங்கள், பேரனுக்குக் காட்டிக்கொள்கிறேன்" என்பார். மேலாளரும் கொடுத்துவிடுவார். அந்தத் தாளால் பயன் உண்டா இல்லையா என்பது பேரன் எந்த நாட்டுக்குப் போகிறான் என்பதைப் பொறுத்தது. அதை வங்கியும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. என் குறை இதுதான்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே ஒரு முடக்கக் கணக்கு திறந்து, ஓராண்டுச் செலவுப் பணத்தை அதில் கட்டிவிடுகிறார்கள். நம்மூர் இருப்புச் சான்றிதழுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள், தாத்தா பாட்டி செலவை ஏற்பதாக எழுதிக் கொடுத்தாலும் அவர்களுடைய வங்கிச் சான்றிதழை ஏற்றுக்கொள்கின்றன. இங்கிலாந்து மாணவர் விசாவில் மட்டும் விதி மிகக் கறாராக இருக்கிறது. அங்கே பணம் மாணவன் பெயரிலோ, அவனுடைய அப்பா அம்மா அல்லது சட்டப்படியான காப்பாளர் பெயரிலோ இருக்கவேண்டும். திருமணமானவர் என்றால் வாழ்க்கைத் துணையின் பணமும் செல்லும். தாத்தா, பெரியப்பா, மாமா, அக்கா வீட்டுக்காரர் என்று நம் குடும்பத்தில் எத்தனை பேர் கொடுக்கத் தயாராக இருந்தாலும், அவர்கள் பெயரில் இருக்கும் பணம் கணக்கில் வராது.

"பேரனை நாமினியாகப் போட்டிருக்கிறேனே" என்று சிலர் கேட்கிறார்கள். நாமினி என்பவர் நமக்குப் பிறகு பணத்தைப் பெற்றுக்கொள்பவர். இன்றைக்கு அவர் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. டெபாசிட்டில் பேரன் கூட்டுக் கணக்குதாரராக இருந்தால் கதை வேறு. வெறும் நாமினியாக இருந்தால் பயன் இல்லை.

ஆகவே தாத்தா உதவ நினைத்தால், பணத்தை மகன் கணக்குக்கோ பேரன் கணக்குக்கோ மாற்றியாக வேண்டும். தாத்தா மகனுக்கோ பேரனுக்கோ கொடுக்கும் அன்பளிப்புக்கு, பெறுபவர் வருமான வரி கட்டவேண்டியதில்லை. ஆனால் அதை எப்போது மாற்றுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன் அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள்கூடத் தேவையான தொகைக்குக் கீழே போகக்கூடாது. அந்த 28 நாட்கள் முடியும் தேதிக்கும், விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் தேதிக்கும் இடையில் 31 நாட்களுக்கு மேல் ஆகிவிடவும் கூடாது.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேரனுக்கு லண்டனுக்கு வெளியே ஓராண்டு முதுநிலைப் படிப்பு. முன்பணம் கட்டியதுபோக, பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதியில் பாக்கிக் கட்டணம் 12,000 பவுண்டு என்று இருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதத்துக்குக் காட்டவேண்டும். இது 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட தொகை. லண்டன் என்றால் மாதம் 1,529. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு ஆகிறது. மொத்தம் 22,539 பவுண்டு. கணக்குக்காக ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 27 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவாக வரும்.

பல குடும்பங்கள் இங்கேதான் கணக்கை முடித்து, 27 லட்சத்து 10 ஆயிரத்தைப் போட்டு வைக்கின்றன. ஆனால் ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது சான்றிதழ் வாங்கிய நாளின் மதிப்பில் அல்ல, விண்ணப்பம் செய்யும் நாளின் மதிப்பில். oanda.com என்ற இணையதளத்தில் அன்றைக்கு உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். அன்று பவுண்டு 123 ரூபாய் ஆகியிருந்தால் தேவை 27 லட்சத்து 72 ஆயிரத்தைத் தாண்டிவிடும். மூன்று ரூபாய் ஏற்றத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் குறைகிறது. அந்த 28 நாளை வேறு எதையும் கொண்டு சரிக்கட்ட முடியாது. ஐந்து சதவீதம் கூடுதலாக, 28 லட்சத்து 40 ஆயிரமாவது வைத்திருப்பதுதான் நிம்மதி.

இனி தேதிகள். தாத்தா ஜூன் 2 அன்று டெபாசிட்டை முடித்து, அன்றே மகன் கணக்கில் வரவு வைக்கிறார். ஜூன் 2-ஐயும் சேர்த்து எண்ணினால் 28-வது நாள் ஜூன் 29. ஜூன் 30 அன்று சான்றிதழ் வாங்கினால், 28 நாட்களும் நிறைவாக அதில் அடங்கிவிடும். விண்ணப்பத்தை ஜூலை 30-க்குள் முடித்துவிட வேண்டும். சி.ஏ.எஸ். வரத் தாமதமாகி ஆகஸ்ட் ஆகிவிட்டால் பழைய சான்றிதழ் உதவாது. பணம் அப்படியே இருந்தால், புதிய தேதியில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

நடுவில் என்ன கெடும்? மகனின் சம்பளக் கணக்கிலேயே பணத்தைப் போட்டால் வீட்டுக் கடன் தவணை, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் தானாகவே கழியும். ஜூன் 15 அன்று ஒரு பெரிய தொகை போய், இருப்பு தேவைக்குக் கீழே இறங்கி, மறுநாளே திரும்ப நிரப்பினாலும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பாஸ்புக்கைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். ஆகவே தவணையும் யு.பி.ஐ.யும் இணைக்கப்படாத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, தொடாமல் வைப்பது நல்லது.

இப்போது சான்றிதழுக்கு வருவோம். நம் கிளைகளில் வழக்கமாகத் தருவது ஒற்றை வரி: "இன்ன கணக்கில் இன்ன தேதியில் இன்ன தொகை இருப்பு உள்ளது." இது ஒரு நாளைய புகைப்படம். அந்தப் பணம் நேற்று வந்ததா, மாதக் கணக்கில் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. எனவே வாயால் கேட்காமல், வேண்டிய விவரங்களை எழுதி ஒரு கடிதமாகக் கொடுங்கள். மேலாளருக்கும் அதுவே வசதி.

சான்றிதழ் ஆங்கிலத்தில், வங்கியின் பெயரும் சின்னமும் உள்ள தாளில், தேதியுடன் இருக்கவேண்டும். கணக்குதாரரின் பெயரும் முழுக் கணக்கு எண்ணும் வேண்டும். நடுவில் நட்சத்திரக் குறி போட்டு மறைத்த எண் வேண்டாம். இருப்பு எண்ணாலும் எழுத்தாலும் இருக்கவேண்டும். அதற்கு அடுத்த வரிதான் உயிர்நாடி: "ஜூன் 2 முதல் ஜூன் 30 வரை இந்தக் கணக்கின் இருப்பு 28 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை." கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, கிளை முகவரி, தொலைபேசி, வங்கியின் அலுவல் மின்னஞ்சல், முத்திரை ஆகியவையும் இருக்கட்டும். விசா அலுவலகம் சரிபார்க்க நினைத்தால் அந்த முகவரிக்குத்தான் எழுதும். கூடவே அதே நாட்களுக்கான கணக்கு அறிக்கையையும் முத்திரையிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் பெயரிலேயே ஏற்கெனவே டெபாசிட் இருந்தால் அதை உடைக்கவேண்டும் என்பதில்லை. டெபாசிட் எண், அசல் தொகை, போட்ட தேதி, முதிர்வுத் தேதி, அதன்மேல் கடன் இல்லை, எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம் என்ற விவரங்களைச் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள். பங்குகள், ஓய்வூதிய நிதி, ஓவர்டிராஃப்ட் வரம்பு ஆகியவற்றைக் காட்டுவதில் பயனில்லை.

நம் தமிழ்நாட்டுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அதுதான் முன்னெழுத்து. பாஸ்புக்கில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து முழுப் பெயராக விரிந்திருக்கும். பையனின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாக இருக்கும். பெற்றோர் பணத்தைக் காட்டும்போது பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்ற கடிதமும் வைக்கவேண்டும். மூன்று தாள்களிலும் பெயர் மூன்று விதமாக இருந்தால் அது ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? பணத்தை மாற்றுவதற்கு முன்பே வங்கியில் பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது.

"இத்தனை தொல்லை எதற்கு, ஒரு மாதத்துக்குப் பணம் போட்டுக் காட்ட ஆள் இருக்கிறார்கள்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் நம் பக்கத்திலும் உண்டு. கமிஷன் வாங்கிக்கொண்டு பணத்தைக் காட்டுவார்கள், சில சமயம் சான்றிதழையே தயாரித்தும் கொடுப்பார்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, பத்தாண்டுகள் வரை அந்த நாட்டுக்குள் போக முடியாமல் ஆகலாம். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது சின்னத் தண்டனையா?

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். டெபாசிட்டை உடைப்பதற்கு முன், மகனையும் பேரனையும் உட்கார வைத்துக் கல்விக் கடன் பற்றிப் பேசுங்கள். மாணவன் பெயரில் வங்கி அனுமதித்த கல்விக் கடனுக்கு இந்த 28 நாள் விதி இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட தேதியில் வங்கி தரும் கடன் கடிதம் போதும். மூத்த குடிமகனுக்கான கூடுதல் வட்டியை விட்டு, முன்கூட்டி முடிப்பதற்கான அபராதத்தையும் கொடுத்து, மருந்துச் செலவுக்கு வைத்த பணத்தை இன்னொருவர் கணக்குக்கு மாற்றுவது எளிதில் திரும்பி வருகிற வழி அல்ல. கடன் போதாமல் குறைகிற தொகைக்கு மட்டும் நம் பணத்தைக் கொடுத்தால், பேரனும் போவான், நம் மாத வட்டியும் நிற்காது.

வங்கிகளிடமும் ஒன்று கேட்கிறேன். சான்றிதழ் கேட்டு வருபவரிடம் "எந்த நாட்டுக்கு?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். ஜிஎஸ்டியோடு கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் தாள், கொண்டுபோகிற இடத்தில் செல்லுபடியாக வேண்டாமா?