குவளைத் தண்ணீர் சொல்வதும் சொல்லாததும்

எங்கள் பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் சில வாரங்களாகத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியின் விளம்பரம் ஒன்று இருக்கிறது. சமையலறை மேடைமேல் ஒரு கண்ணாடிக் குவளை, அதில் தெளிந்த தண்ணீர். கீழே கருவியின் பெயர், விலை, வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற ஒரு வரி. அவ்வளவுதான். ‘99.9 விழுக்காடு தூய்மை’ இல்லை. நீல நிறத்தில் சுழலும் மூலக்கூறுகள் இல்லை. வெள்ளை அங்கி அணிந்து புன்னகைப்பவரும் இல்லை.

தொடர்புத் துறையில் படிக்கும் என் தோழிக்கு இது பிடிக்கவில்லை. “எதுவும் சொல்லாமல் இருப்பதும் ஒரு தந்திரம்தான். பார்ப்பவர் தம் வீட்டுத் தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இல்லையோ என்று தானாகவே நினைத்துக்கொள்வார்,” என்றாள். நான் அப்படி நினைக்கவில்லை. சிங்கப்பூரில் எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அதே குவளை, அதே தெளிவு. நம் குழாய்நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டது, வடிகட்டாமல் அப்படியே குடிக்கலாம். கருவியிலிருந்து வந்த தண்ணீரையும் குழாயிலிருந்து வந்த தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வேறுபாடு காண முடியாது. காட்ட முடியாத வேறுபாட்டைக் காட்டுவதாக அந்தப் படம் நடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

நடிக்கும் வகையும் உண்டு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சென்ற ஆண்டு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி கொடுத்து ஒரு கருவி வாங்கினார். வாங்க வைத்தது விளம்பரப் படம்கூட அல்ல, கதவைத் தட்டி வந்த விற்பனையாளர் காட்டிய ஒரு சோதனை. இரண்டு குவளைகள். ஒன்றில் ஆன்ட்டி வீட்டுக் குழாய்நீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த சுத்திகரித்த நீர். உலோகக் கம்பிகள் பொருத்திய சிறு மின்கருவியை இரண்டிலும் இறக்கினார். சில நிமிடங்களில் குழாய்நீர் பழுப்பாகிச் சேறுபோல் திரண்டது. மற்றது தெளிவாகவே இருந்தது. “இதைத்தான் தினமும் குடிக்கிறீர்கள்,” என்றாராம்.

வேதியியல் படிக்கும் என்னால் இதை அப்படியே விட முடியவில்லை. அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கே அல்ல. அது கம்பியின் துரு. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கத்து இரும்புக் கம்பி கரைந்து, தண்ணீரோடும் காற்றோடும் சேர்ந்து பழுப்புப் படிவாக மாறுகிறது. குழாய்நீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள் சிறிதளவு கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது. அவர் கொண்டுவந்ததோ எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தாதுக்களை நீக்கிய தண்ணீர். அதில் மின்சாரம் சரியாகப் பாயாது, ஆகவே கம்பியும் கரையாது.

ஆன்ட்டி வீட்டு மேசையிலேயே இதைச் செய்து காட்டினேன். ஒரு 9 வோல்ட் மின்கலம், இரண்டு இரும்பு ஆணிகள், இரண்டு மின்கம்பிகள், கார் மின்கலத்துக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீர். அந்த நீரில் ஆணிகளை இறக்கியபோது நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. அதே நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டதும் ஓர் ஆணியைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் குவளை முழுவதும் பழுப்பு. நாம் சேர்த்தது தினமும் சாம்பாரில் போடும் உப்பு மட்டும்தான். (செய்து பார்ப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.) ஆன்ட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அதற்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் காலம் கடந்திருந்தது. அழைக்காமல் வீடு தேடி வரும் விற்பனையாளரிடம் கையெழுத்திட்டால், வார இறுதியும் பொது விடுமுறையும் நீங்கலாக ஐந்து நாள்களுக்குள் ரத்து செய்யலாம் என்று இங்கு விதி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இது ஆன்ட்டிக்கு மட்டும் நடந்ததும் அல்ல. சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2024இல் தண்ணீர் வடிகட்டி விற்ற நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. வடிகட்டாத குழாய்நீர் பாதுகாப்பற்றது என்பது ஒரு நிறுவனத்தின் பொய். காரநீர் நோய்களைத் தடுக்கும் என்பது இன்னொன்றின் கதை.

இங்கே என் தோழியின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தெளிவு என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போல் பத்து மடங்கு ஈயம் கரைந்திருந்தாலும் குவளை இதேபோல் பளிச்சென்றுதான் இருக்கும். எனவே மிகைப்படுத்தாமல் இருந்தால் மட்டும் போதாது, கருவி என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அதைச் சொல்ல ஒரு சின்ன வழி ஏற்கெனவே இருக்கிறது. வடிகட்டிகளுக்கான என்எஸ்எஃப் தரநிலைகளில் 42 என்பது குளோரின், சுவை, வாடை ஆகியவற்றைக் குறைப்பதற்கானது. 53 என்பது ஈயம் போன்ற, உடல்நலத்தைப் பாதிக்கும் பொருள்களைக் குறைப்பதற்கானது. ‘என்எஸ்எஃப் சான்று பெற்றது’ என்று மட்டும் போட்டு எண்ணை மறைக்கும் பெட்டிகளை நான் கடையில் பார்த்திருக்கிறேன். 42 மட்டும் இருக்கும் கருவி உங்களுக்கு விற்பது சுவையைத்தான். அதில் தவறில்லை, குளோரின் வாடை பிடிக்காதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். சுவைக்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவேண்டும், அவ்வளவே.

அந்த வாடையை நீக்குவதிலும் ஒரு விலை இருக்கிறது. நீர் ஆலையில் கிருமிநாசினி சேர்ப்பது, குழாய்கள் வழியே நம் வீடுவரை தண்ணீருக்குக் காவலாக வரத்தான். வடிகட்டியில் உள்ள கரி அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. பிறகு ஈரமான, நம் ஊர் வெப்பத்தில் எப்போதும் வெதுவெதுப்பான வடிகட்டிக்குள் கிருமிகள் குடியேறலாம். மாற்றாத வடிகட்டியைவிட வெறும் குழாய்நீரே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதை வைத்துப் பார்க்கும்போது, நான் புகழ்ந்த விளம்பரத்தின் ‘ஆறு மாதம்’ என்ற வரி எனக்கு உறுத்துகிறது. கரி தேய்வது நாள்காட்டியைப் பார்த்து அல்ல, அதன் வழியே ஓடும் தண்ணீரின் அளவைப் பொறுத்து. ஒரு வடிகட்டியின் கொள்ளளவு 1,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் என்பது ஏறக்குறைய 180 நாள், அதாவது நாளுக்கு ஐந்தரை லிட்டர். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குச் சரியாக வரலாம். நான்கு பேர் குடித்து, சோறு வடித்து, தேநீர் போட்டு, நாளுக்கு 10 லிட்டர் பிடித்தால் நூறாவது நாளே கரி தீர்ந்துவிடும். மீதி எண்பது நாள்களுக்கு வடிகட்டி இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம். தண்ணீர் ஒழுகும் வேகம் குறைந்தால் அது மணலோ துருத்தூளோ அடைத்துக்கொண்டதன் அறிகுறி. கரி தீர்ந்ததற்கு அப்படி அறிகுறி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பழைய குளோரின் வாடை மெல்லத் திரும்பி வருவதுதான் ஒரே தடயம். கருவியின் கையேட்டில் லிட்டர் கணக்கு எங்காவது ஓர் ஓரத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஆன்ட்டி இப்போது வடிகட்டியின்மேல் மாற்றிய தேதியையும் அதற்குப் பக்கத்தில் அடுத்த தேதியையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார். அவர் வீட்டில் ஐந்து பேர். இரண்டு தேதிகளுக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. ஆண்டுக்கு எத்தனை வடிகட்டி, எத்தனை வெள்ளி என்ற கணக்கை விற்பனையாளர் அன்று சொல்லவே இல்லையாம்.