காலைக் கூட்டத்திற்கு ஒரு வாசகம்

காலைக் கூட்டத்தில் இறைவணக்கம் முடிந்ததும் "நற்சிந்தனை" ஒன்று சொல்வது நம் பாடசாலைகளின் வழக்கம். கேட்போர் ஆறேழு வயதுப் பாலராயின், அதனைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியரும் மாணவரும் முதலில் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். அவ்வாசகத்தைக் குழந்தை உவமையாகக் கொள்ளாது, நேர்ப்பொருளாகவே கொண்டால் யாது நேரும்?

"அலை ஓய்ந்தபின் கடலாட முடியாது" என்பது பழமொழி. தடைகளெல்லாம் நீங்கட்டும் என்று காத்திராதே என்பது அதன் கருத்து. மதுரையிலோ கண்டியிலோ இதைச் சொல்வதில் தீங்கில்லை. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் நிலைமை வேறு. காற்று வலுத்துக் கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படாது. அனுபவம் மிக்க ஓட்டியும் அலை தணியும்வரை காத்திருப்பார். அத்தகைய தீவின் குழந்தைக்கு, அலையைப் பாராமல் இறங்கு என்று அவ்வாசகம் சொல்லிவிடக்கூடும். ஆகவே அதனைப் பெரிய வகுப்புகளுக்கென ஒதுக்கி வைப்பதே தகும்.

"சிறு துளி பெரு வெள்ளம்" என்பதில் ஆபத்து இல்லை. எனினும் மாரி காலத்தில் முற்றத்தில் தேங்கி, வழியை மறிப்பதையே வெள்ளம் என்று அறிந்த குழந்தைக்கு அது நன்மையின் அடையாளமாகத் தோன்றுவது அரிது.

இனி, அதே கருத்தை நெடுந்தீவுப் பிள்ளை கண்ட பொருளைக்கொண்டு சொல்லிப் பார்ப்போம். அங்கே வளவுகளைச் சுற்றி நிற்பவை, சாந்து பூசாது முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள். "கல்மேல் கல் வைத்தால் மதில்" என்று நாம் ஒரு வாசகம் அமைக்கலாம். நான்கே சொற்கள், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நேர்ப்பொருளும் உண்மை, உட்பொருளும் உண்மை. பனையோலைப் பாய் இழைக்கும் வீடுகள் உள்ள ஊரானால் "ஓலையோடு ஓலை பின்னினால் பாய்" என்று மாற்றிக்கொள்ளலாம்.

நீளத்திற்கு ஔவையாரின் ஆத்திசூடியே அளவுகோல். அதன் அடிகள் பெரும்பாலும் இரண்டிரண்டு சொற்களால் ஆனவை. எழுத்து வரிசையில் அமைந்தவை. எழுதப் பழகாத குழந்தையின் நாவிலும் அவை நிற்பதற்கு அதுவே காரணம். நான்கைந்து சொற்களைத் தாண்டினால் பின்வரிசைப் பிள்ளைகள் கடைசிச் சொல்லை மட்டுமே பிடித்துக்கொள்வர்.

வாசகம் சென்று சேர்ந்ததா என்பதைக் கூட்டத்தின் ஒருமித்த குரலைக்கொண்டு அறிய இயலாது. திங்களன்று சொன்னதை அவ்வாரம் முழுவதும் மாற்றாது வைத்துக்கொண்டு, புதனன்று இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து, "இதை நீ எங்கே கண்டாய்?" என்று கேட்கவேண்டும். வாசகத்தையே திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு அது செவியோடு நின்றுவிட்டது. "எங்கள் வீட்டு மதிலில் ஒரு கல் விழுந்தது; அப்பா எடுத்து வைத்தார்" என்று சொல்லும் பிள்ளைக்கு அது பொருளாகிவிட்டது. எவரும் அவ்வாறு சொல்லவில்லையாயின், அடுத்த திங்களன்று மாற்றவேண்டியது வாசகத்தையே. பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை.