பறவையைப் பார்த்தால் போதுமா? பாசியையும் பார்க்க வேண்டும்!

திசையன்விளையில் மீன் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். உவரிக் கடலில் இருந்து சாளை மீன் கூடை கூடையாக வரும். வஞ்சிரம் அப்படி வராது. வந்தாலும் விலையைக் கேட்டதும் கை பின்னால் போய்விடும்.

ருசிதான் காரணம் என்பார்கள். ருசி ஒரு காரணம். இன்னொரு காரணம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. வஞ்சிரம் சாளையைத் தின்று வளரும் மீன். ஒரு கிலோ வஞ்சிரம் வளர வேண்டுமானால், ஏறக்குறைய 10 கிலோ சிறு மீன் அதன் வயிற்றுக்குள் போக வேண்டும். தின்கிறவன் எப்போதும் தீனியை விடக் குறைவு. இதுதான் கணக்கு.

இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் பாதியைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால்தான் நம் குளங்களும் அவற்றை நம்பி வரும் பறவைகளும் பிழைக்கும்.

படத்தில் இருப்பது என்ன?

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2022-ல் உலகப் புகழ்பெற்ற ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம் பிடித்தது. ஊருக்குள் உள்ள மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்குக் கூட வெடி போடாத ஊர் அது.

அங்கே போகிறவர்கள் எடுத்து வரும் புகைப்படம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மஞ்சள் மூக்கு நாரை ஒன்று தண்ணீரில் நிற்கும். அதன் அலகில் ஒரு மீன் துடிக்கும். காலடியில் தண்ணீர் பச்சையாகத் தெரியும்.

இந்த ஒரு படத்தில் நான்கு படிகள் இருக்கின்றன. முதல் படி பாசி. அது வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. இரண்டாவது படி, பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிகள். அவை படத்தில் தெரியாது. மூன்றாவது படி, பூச்சியைத் தின்னும் மீன். நான்காவது படி, மீனைத் தின்னும் நாரை.

ஒவ்வொரு படியிலும் கிடைத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகிறது என்பது பாடம். மற்ற ஒன்பது பங்கு எங்கே போயிற்று? கொஞ்சம் தின்னப்படாமலே செத்து மடிந்து சேற்றில் சேருகிறது. கொஞ்சம் எச்சமாக வெளியே போகிறது. பெரும்பகுதி, நீந்தவும் மூச்சு விடவும் உயிர் வாழவும் செலவாகி, வெப்பமாகப் போய்விடுகிறது.

நாம் சாப்பிடும் சோறு முழுவதும் நம் உடம்பில் சதையாகச் சேருவதில்லை அல்லவா? அதைப் போலத்தான்.

ஒரு நாரைக்கு எவ்வளவு பாசி?

கணக்குக்காக ஒரு நாரை நாளுக்கு அரைக் கிலோ மீன் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 நாள் தங்கினால் 50 கிலோ மீன்.

அந்த 50 கிலோ மீன் வளர 500 கிலோ பூச்சி வேண்டும். அந்த 500 கிலோ பூச்சி வளர 5,000 கிலோ பாசி வேண்டும். ஒரே ஒரு நாரைக்கு, ஒரு பருவத்துக்கு, 5 டன் பாசி! படத்தில் ஒரு பறவை நிற்கிறது. அதன் காலுக்குக் கீழே வண்டி வண்டியாகப் பாசி நிற்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லா மீனும் பூச்சியை மட்டுமே தின்பதில்லை. பாசியையும் மேயும். அதனால்தான் இதைச் சங்கிலி என்று சொல்லாமல் வலை என்று சொல்கிறார்கள். மீன் தின்னும் 500 கிலோவில் பாதி பாசி, பாதி பூச்சி என்று கொண்டால் கணக்கு மாறும். 250 கிலோ பாசி நேராக மீனுக்குப் போகிறது. மீதி 250 கிலோ பூச்சிக்கு 2,500 கிலோ பாசி வேண்டும். ஆக மொத்தம் 2,750 கிலோ. படி குறைந்தால் செலவும் குறைகிறது.

பத்தில் ஒன்று என்பது சட்டமா?

இந்த யோசனையை உலகத்துக்குத் தந்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மின்னசோட்டாவில் ஒரு சிறிய சேற்றுக் குளத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். அவர் எழுதிய கட்டுரையை முதலில் ஏற்க மறுத்தார்கள். பிறகு 1942-ல் அது வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 27 வயது நிறையுமுன்பே நோயால் இறந்து போனார்.

பத்தில் ஒன்று என்பது ஒரு சராசரி. சட்டம் அல்ல. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று இருக்கிறது. அங்கே ஹோவர்டு ஓடம் என்ற விஞ்ஞானி அளந்து 1957-ல் கணக்கை வெளியிட்டார். ஒரு சதுர மீட்டரில் ஒரு வருஷத்தில் செடிகள் பிடித்த சக்தி 20,810 கலோரி. செடி தின்னும் பிராணிகளுக்குக் கிடைத்தது 3,368. அவற்றைத் தின்பவைக்கு 383. உச்சியில் உள்ளவைக்கு வெறும் 21. (இங்கே கலோரி என்பது உணவுக்கு நாம் சொல்லும் பெரிய கலோரி.)

வகுத்துப் பாருங்கள். முதல் படியில் 100-க்கு 16 போயிருக்கிறது. அடுத்ததில் 11. கடைசியில் 6 கூட இல்லை. சராசரி மட்டும்தான் பத்துக்கு அருகில் வருகிறது.

நாரையின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தின்ற 50 கிலோ மீனுக்குப் பத்தில் ஒன்று என்றால் 5 கிலோ எடை கூட வேண்டும். வளர்ந்த நாரை அப்படி ஊதிப் பெருப்பதில்லை. வெந்நீரை ஆறாமல் வைத்திருக்க விறகு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? பறவையின் உடம்பும் அப்படித்தான். எப்போதும் சூடாக இருக்கத் தீனியைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். பறவையிலும் பாலூட்டிகளிலும் 100-க்கு ஒன்றிரண்டு பங்குதான் உடம்பாகச் சேரும். மீனுக்கும் பூச்சிக்கும் அந்தச் சூட்டுச் செலவு இல்லை.

எடை வேறு, ஓட்டம் வேறு

இனித்தான் முக்கியமான இடம். தேர்வுத் தாளில் ஒரு படத்தைக் கொடுத்து, "பாசி இவ்வளவு கிலோ இருக்கிறது, மீன் எவ்வளவு கிலோ இருக்கும்?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளும் பத்தால் வகுத்து மார்க்கு வாங்குகிறார்கள். அந்தக் கேள்வியே தவறு.

பத்தில் ஒன்று என்பது ஒரு வருஷத்தில் ஓடும் சக்திக்கு உள்ள கணக்கு. குளத்தில் இன்று நிற்கும் எடைக்கு உள்ள கணக்கு அல்ல. அதே சில்வர் ஸ்பிரிங்ஸில் ஒரு சதுர மீட்டரில் நின்ற எடையைப் பாருங்கள். உலர்ந்த எடையாகச் செடி 809 கிராம். செடி தின்பவை 37 கிராம். அவற்றைத் தின்பவை 11 கிராம். உச்சியில் ஒன்றரைக் கிராம். செடிக்கும் அதைத் தின்பவைக்கும் இருபது மடங்கு வித்தியாசம். அடுத்த படியிலோ மூன்று மடங்குதான். பத்து எங்கே?

கடலில் இன்னும் வேடிக்கை. இங்கிலீஷ் கால்வாயில் அளந்தபோது ஒரு சதுர மீட்டரில் மிதக்கும் பாசி 4 கிராம்தான் இருந்தது. அதைத் தின்னும் நுண்பிராணிகள் 21 கிராம் இருந்தன! தீனியை விடத் தின்பவை அதிகம்.

இது எப்படி? வீட்டில் அம்மா தோசை சுடுவதைப் பாருங்கள். கல்லில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு தோசைதான் இருக்கும். சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். கல்லில் இருப்பது குறைவு. ஆனால் ஓயாமல் வருகிறது. கடல் பாசியும் அப்படித்தான். ஓரிரு நாளில் இரண்டு மடங்காகும். ஆன உடனே தின்னப்படும். படம் எடுத்தால் கல்லில் உள்ள ஒரு தோசைதான் தெரியும். காலையில் சுட்ட அத்தனையும் தெரியாது.

ஆகவே எடையைப் படத்திலிருந்து வகுத்து எடுக்க முடியாது. அளக்கத்தான் வேண்டும். ஒரு சதுர மீட்டர் இடத்தை அடைத்து, அதில் உள்ளதையெல்லாம் அரித்து எடுத்து, இனம் பிரித்து, எடை குறையாமல் நிற்கும் வரை சூட்டில் உலர்த்தி, பிறகு நிறுக்க வேண்டும். மீனின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஒன்றை ஈரமாகவும் மற்றொன்றை உலர்த்தியும் நிறுத்தால் கணக்கு முழுவதும் பாழ்.

பச்சை எல்லாம் தீனியா?

குளம் பச்சையாக இருக்கிறதே, தீனிக்கு என்ன குறை என்று கேட்கலாம். ஆகாயத்தாமரை மூடிய குளமும் பச்சைதான். அதை நீர்ப்பூச்சிகள் அதிகம் தின்பதில்லை. அடியில் வெயில் புகாமல் பாசி மடியும். பாசி மடிந்தால் பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் மீன் குறையும். கடைசியில் கூடு காலியாகும். படத்தில் பச்சை மட்டும் அப்படியே இருக்கும்!

"நாரைகள் நம் குளத்து மீனையெல்லாம் தின்று தீர்க்கின்றன" என்று சிலர் குறைப்படுவது உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நாரை தின்ற மீனின் சத்து எச்சமாகக் குளத்துக்கே திரும்புகிறது. அதைத் தின்று பாசி செழிக்கிறது. கூந்தன்குளத்து உழவர்கள் அந்த எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு உரமாக இடுகிறார்கள்.

உரம் திரும்பி வரும். ஆனால் சக்தி திரும்பி வராது. வெப்பமாகப் போனது போனதுதான். ஒவ்வொரு நாளும் வெயில் புதிதாகப் பாசியில் விழுந்தாக வேண்டும். அதற்குத் தெளிந்த தண்ணீர் குளத்தில் நிற்க வேண்டும்.

எனவே மணிமுத்தாற்றுத் தண்ணீர் காலத்தில் வந்து சேர வேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்தால் உடனே அகற்ற வேண்டும். குஞ்சுகள் கூட்டில் இருக்கும்போது எந்தக் குளத்தையும் வற்றடித்து மீன் பிடிக்கக் கூடாது. பள்ளிக்கூடங்கள் பத்தால் வகுக்கச் சொல்லிக் கொடுத்ததோடு நில்லாமல், பிள்ளைகளை ஒரு நாள் வலையும் தராசுமாகக் குளக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும்.

எத்தனை பறவை வந்தது என்று ஆண்டுதோறும் எண்ணுகிறோம். நல்லதுதான். ஆனால் பறவை குறைவது கடைசியில் தெரியும் அடையாளம். அதற்கு வெகு முன்பே பாசியில் குறை தோன்றிவிடும். எண்ணுகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு, தண்ணீரையும் குனிந்து பார்க்கட்டும்.