‘இன்னுமா இதை நம்புறீங்கள்?’ என்று எழுதுறவைக்கு

மழை தொடங்கினதும் கொழும்பில் டெங்கு வரும். டெங்குவுக்குப் பின்னால ஒரு வகைக் கட்டுரையும் வரும்: ‘டெங்கு பற்றிய 10 மூடநம்பிக்கைகள்.’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளடி. “பப்பாசி இலைச்சாறு குடிச்சா டெங்கு மாறுமாம்!” என்று ஒரு நக்கல். எழுதினவருக்கும் அவரின்ர கூட்டாளிமாருக்கும் நல்ல பம்பல். ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அந்தச் சாறை அரைச்சுக்கொண்டிருக்கிற அம்மா மூன்றாவது வரியிலேயே வாசிக்கிறதை நிப்பாட்டிடுவா. அந்தக் கட்டுரை தேவைப்பட்ட ஒரே ஆள் அவதான்.

இந்த வகை எழுத்தோடு எங்களுக்குச் சண்டை இருக்கு. அதில் தகவல் பெரும்பாலும் சரி. யாருக்கு எழுதுறம் என்பதுதான் பிழை.

முதல் கோளாறு அந்த ‘10’. பத்து நம்பிக்கைகளும் ஒரே பாரமுடையவை இல்லை. டெங்கு நுளம்பு கால்வாய்ச் சாக்கடையில் பெருகுது என்று கனபேர் நினைக்கினம். உண்மையில் அது பூச்சாடித் தட்டிலும், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால இருக்கிற தட்டிலும், கூரைப் பீலியிலும் தேங்குகிற தெளிந்த தண்ணியைத்தான் தேடும். திருத்த வேண்டிய விசயம்தான். ஆனால் ஒரு கட்டுரையில் ஒன்றைத்தான் திருத்த முடியுமென்றால், ஆளைக் கொல்லக்கூடியதைத் திருத்த வேணும். டெங்குவில் அது ‘காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை’ என்ற நம்பிக்கை.

டெங்குக் காய்ச்சல் வழக்கமாக 3 முதல் 7 நாள் வரைக்கும் இருக்கும். ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் நிற்கிறபோது வாறதில்லை, அது இறங்குகிறபோதுதான் வரும். அந்த நேரத்தில் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் வடியும், உள்ளே மிச்சமிருக்கிற இரத்தம் தடிக்கும், அழுத்தம் விழும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். ஆஸ்பத்திரியில் மணித்தியாலக் கணக்கில் பார்த்து, அளவறிந்து திரவம் ஏற்றினால் பெரும்பாலான ஆக்கள் தப்புவினம். வீட்டில், ‘சூடு இல்லை, நித்திரை கொள்ளட்டும்’ என்று விட்டால் நிலைமை வேறு. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அவ்வளவு வீடுகளிலும் காய்ச்சல் விட்ட அந்த நாள் வந்திருக்கும்.

இதைச் சாதாரணமாக எப்படி எழுதுகினம்? “காய்ச்சல் விட்டால் குணம் என்று நம்பும் அறியாமை படித்தவர்களிடம்கூட இன்னும் இருக்கிறது. நாம் எப்போது திருந்தப்போகிறோம்?” அந்த ‘நாம்’ஐக் கொஞ்சம் பாருங்கோ. எழுதினவர் அதுக்குள்ள இல்லை என்று வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். ‘இன்னும்’, ‘கூட’, ‘அறியாமை’, ‘மாறுமாம்’ என்பதில் தொங்குகிற ‘ஆம்’ எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யுது. தமிழில் ஒருவரை முட்டாளாக்க ‘முட்டாள்’ என்ற சொல்லே தேவையில்லை, ஒரு விகுதி போதும்.

நாங்கள் இப்படி எழுதுவம்:

“டெங்குவில், காய்ச்சல் விடுகிற நாள்தான் கூடக் கவனிக்க வேண்டிய நாள். மற்றக் காய்ச்சல்கள் விட்டால் ஆள் தேறிவிடும், அதனால் எங்களுக்கு நிம்மதி வாறது இயல்பு. டெங்கு அந்த வழக்கத்துக்கு மாறாக நடக்கும்: சூடு இறங்கும்போதே இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கலாம். அதனால் அடுத்த இரண்டு நாளும் பாருங்கோ. வயிற்றுக்குத்து, நிற்காத சத்தி, குளிர்ந்த கைகால், எங்கேயாவது இரத்தம் கசிதல், அசாதாரணச் சோர்வு அல்லது அந்தரம், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.”

இதில் உண்மை முதல் வரியிலேயே வந்திட்டுது. பிழையான நம்பிக்கை ஒரே ஒரு தடவைதான் வருது, அதுவும் அதுக்குரிய நியாயத்தோட. அந்த நியாயம் வாசகரைத் தடவிக் குடுக்கச் சேர்த்ததில்லை. அம்மம்மா வளர்த்த ஐந்து பிள்ளைகளுக்கும் வந்த நூறு காய்ச்சலில் அந்த விதி சரியாகத்தான் வேலை செய்திருக்கு. விதியை மீறினது டெங்கு, அம்மம்மா இல்லை. வசனத்தின் எழுவாயும் அதுபடியே மாறுது: ‘நீங்கள் பிழையாக நினைக்கிறீங்கள்’ என்பது போய், ‘டெங்கு மாறாக நடக்கும்’ என்று ஆகுது. இதை விட முக்கியமாக, பத்தி முடியும்போது வாசிச்சவரின் கையில் செய்ய ஒரு வேலை இருக்கு.

பப்பாசிச் சாறுக்கு வருவம். ‘ஒரு பிரயோசனமும் இல்லை’ என்று எழுதினால் அது நேர்மையும் இல்லை. அந்தச் சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை கூடினதாக மலேசியாவில் 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கு. கட்டுரையை நக்கலோட வாசிச்ச யாராவது அந்த ஆய்வைத் தேடி எடுத்தால் உங்கட மிச்ச ஒன்பதும் பொய்யாகிடும். விசயம் என்னவென்றால், டெங்குவில் ஆளை அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுபோறது அந்தக் கசிவு. சாறு கசிவை நிப்பாட்டும் என்று யாரும் காட்டவில்லை. ஆகவே சாறு குடிக்கிறவரோடு சண்டை போடாமல், “குடிச்சாலும், டொக்டர் சொன்ன இரத்தப் பரிசோதனையைத் தவற விடாதேங்கோ” என்று எழுதலாம். அந்த வசனத்தில் மிச்சமாகிற கோபத்தை, உடம்பு நோவுக்கு இபுப்ரோபன், டைக்ளோபினாக் போடுகிற பழக்கத்தில் காட்டுங்கோ. டெங்கு என்று சந்தேகம் வந்தால் பரசிட்டமோல் மட்டும்தான். மற்றவை இரத்தக்கசிவைக் கூட்டலாம். இலையை விட மாத்திரை ஆபத்து என்று எழுத ஏனோ ஒருத்தருக்கும் மனம் வாறதில்லை. இலையைக் கேலி செய்யிறது லேசு.

“எப்படி எழுதினாலும் சனம் மாறாது, திருத்தினால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்” என்பினம் சிலர். இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 2010இல் நைஹன், ரைஃப்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சில அரசியல் விசயங்களில் அப்படி ஒரு எதிர்விளைவு கண்டதாக எழுதிச்சினம். பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அது பெரும்பாலும் கிடைக்கவில்லை. திருத்தம் பொதுவாக வேலை செய்யுது. ‘சனம் மாறாது’ என்பதே இப்ப திருத்த வேண்டிய நம்பிக்கைதான், ஆனால் அதை யாரும் புள்ளடிப் பட்டியலில் சேர்க்கிறதில்லை.

எல்லாரோடயும் மெதுவாகக் கதைக்கச் சொல்லுறமா? இல்லை. 2020இல் கொவிட்டால் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, அரசாங்கம் வர்த்தமானி போட்டு எரித்தலைக் கட்டாயமாக்கினது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரைக்கும் முஸ்லிம் குடும்பங்களின் உடல்கள் எரிக்கப்பட்டன, பிறந்து 20 நாளான ஒரு குழந்தையின் உடல் உட்பட. 2024இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த ஆணையைப் போட்டவர்களுக்கு ‘உங்கட பயம் இயல்பு’ என்று எழுதத் தேவையில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு, தன்ர கிணத்துத் தண்ணியை நினைச்சுப் பயந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் எழுத வேணும். இரண்டு பேருக்கும் ஒரே தொனியில் எழுதினால், அதிகாரம் தப்பிடும், பக்கத்து வீட்டுக்காரர் அடி வாங்குவார்.

இப்படி ஒன்றை எழுதி முடிச்சால், வெளியிட முதல் அந்த நம்பிக்கை உள்ள இரண்டு மூன்று பேரிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுறம். ‘ஒத்துக்கொள்ளுறீங்களா?’ என்று கேட்கிறதில்லை, மரியாதைக்குத் தலையாட்டுவினம். தாளை வாங்கி வைச்சிட்டு, “பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது, அண்டைக்கு இரவு என்ன பார்ப்பீங்கள்?” என்று மட்டும் கேட்கிறம். “கைகால் குளிருதா, சலம் போகுதா” என்று பதில் வந்தால் வெளியிடுறம். “நல்லா எழுதியிருக்கிறீங்கள் தம்பி” என்று வந்தால் திருப்பி எழுதுறம்.