ஒரே இளைஞன், மூன்று பரிசோதனைகள், மூன்று விடைகள்

சனிக்கிழமை இரவு ஓர் இளைஞன் முதன்முறையாக ஐஸ் பாவிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை உமிழ்நீரைப் பரிசோதித்தால் அநேகமாகப் பிடிபடுவான். செவ்வாய் இரவு உமிழ்நீரில் ஒன்றும் தெரியாமல் போகலாம், சிறுநீர் காட்டிக்கொடுக்கும். அடுத்த சனிக்கிழமை சிறுநீரிலும் பெரும்பாலும் தடயம் இராது.

உமிழ்நீருக்குப் போதைப்பொருள் இரத்தத்திலிருந்தே வருகிறது. இரத்தத்தில் அளவு குறைய, ஓரிரு நாளில் அங்கும் குறைந்துவிடும். சிறுநீரகமோ கழிவைச் செறிவாக்கிச் சேர்ப்பதால் மூன்று, நான்கு நாட்கள் வரை தெரியும். கஞ்சா கொழுப்பில் தங்குவது. நாளாந்தம் பாவித்தவர் நிறுத்தி வாரக்கணக்கான பின்னும் சிறுநீரில் அகப்படலாம். ஆகவே சிறுநீரில் தெரிந்தது என்பதற்காக, வாகனம் ஓட்டிய நேரத்தில் அவர் போதையில் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது.

தலைமுடிக் கணக்கு வேறு. வேரில் முடி உருவாகும்போதே போதைப்பொருள் அதற்குள் படிகிறது. அந்தப் பகுதி தோலுக்கு வெளியே வர ஒரு வாரமளவில் எடுக்கும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்வதால், தோலோடு ஒட்ட வெட்டிய 4 சென்ரிமீற்றர் சுமார் நான்கு மாத வரலாறு. ஆனால் அந்த இளைஞனின் ஒருநாள் பாவனை அதில் தெரியாமலே போகலாம். தொடர் பாவனையைத்தான் முடி நன்றாகக் காட்டும்.

இன்னொன்று: சில தடிமன் மருந்துகளிலுள்ள சூடோஎபெட்ரின் உடனடிச் சிறுநீர்ப் பரிசோதனையை ஏமாற்றக்கூடும். அதனால் பிள்ளை பிடிபட்டதாகச் சொல்லப்பட்டால், எந்த மாதிரி, எப்போது எடுத்தது, ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்டதா என்று பெற்றோர் கேட்க வேண்டும்.