“உன் கையால்தான் ஆக்க வேண்டும்”



நம் தெருக்களில் நன்றாகச் சமைக்கத் தெரிந்த பெண்கள் அனைவரும் இந்தச் சொற்றொடரைக் கேட்டிருப்பார்கள். தோழியின் வீட்டில் அகீகா, வலீமா, புதுமனை புகுதல், பிள்ளை குர்ஆன் ஓதி முடித்த நாள் என ஏதோ ஒன்று வரும். “பண்டாரி எல்லாம் வேண்டாம்புள்ள, உன் கையாலதான் ஆக்கணும். நூறு பேருதான்” என்பாள். புகழ்ச்சியும் வேண்டுகோளும் ஒரே மூச்சில் வருவதால் எது எங்கே முடிகிறது என்று கேட்பவளுக்குத் தெரிவதில்லை. தலையசைத்து விடுகிறாள். அதன்பின் பத்து நாள் அவளுக்கு உறக்கமில்லை.

இந்த வேண்டுகோளை மறுக்கலாம் என்பதோடு, பெரும்பாலான நேரங்களில் மறுப்பதே நேர்மை என்றும் சொல்ல வருகிறேன். இதனை ஏற்காதவர்கள் நம்மில் பலர். “உறவை முறிப்பவள்”, “கைப்பக்குவத்தில் கர்வம் கொண்டவள்” என்ற சொற்களை நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒருமுறையேனும் அடுப்படியில் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நூறு பேருக்கு ஆட்டுக்கறி பிரியாணி என்றால், கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைத்தாலும் பன்னிரண்டு கிலோ சீரகச் சம்பாவும் அதே அளவு கறியும் வேண்டும். கறிக்கேற்ற வெங்காயம் ஐந்தாறு கிலோ. இஞ்சியும் பூண்டும் தலா ஒன்றரைக் கிலோ இல்லாமல் இந்த அளவுக் கறி ஏறாது. ஒன்றரைக் கிலோ பூண்டை ஒருத்தி உரித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். இத்துடன் தால்ச்சா, தயிர்ப் பச்சடி, ரொட்டி அல்வா ஆகியவையும் “சும்மா கொஞ்சம்” என்று சேர்ந்து கொள்ளும். அரிசி, கறி, தண்ணீர், மசாலா எல்லாம் சேர்ந்து தேக்சாவுக்குள் ஐம்பது கிலோவைத் தொடும். வீட்டு எரிவாயு அடுப்பின் கம்பிகள் அந்தப் பாரத்துக்கென்று செய்யப்பட்டவையல்ல. தீயும் தேக்சாவின் நடுவில் ஒரு வட்டத்தை மட்டுமே சுடும். ஆகவே இரண்டு கிலோ, மூன்று கிலோவாக நான்கைந்து தடவை ஆக்க வேண்டியதாகிறது. கடைசிச் சட்டி இறங்கும்போது முதல் சட்டி ஆறிப்போயிருக்கும்.

பெரிய தேக்சாவைக் கடன் வாங்கி விறகடுப்பில் ஏற்றினால் வேறொரு சிக்கல். வீட்டில் ஒரு கிலோ அரிசிக்கு நாம் வைக்கும் தண்ணீரைப் பன்னிரண்டால் பெருக்கினால் சோறு குழைந்துவிடும். சிறிய சட்டியில் ஆவியாகப் போகும் பங்கு பெரிய தேக்சாவில் அந்த விகிதத்தில் போவதில்லை. அடியில் இருக்கும் சோற்றின் மேல் முழுப் பாரமும் அமர்கிறது. அடி குழைந்து மேல் நறுக்கரிசியாக நிற்பது இதனால்தான். உப்பும் மிளகாயும் கூட நேர்க்கணக்கில் ஏறுவதில்லை. பண்டாரிமார் இவற்றைத் தண்ணீர் மட்டம், கொதியின் சத்தம், கரண்டியில் ஒட்டும் மசாலா ஆகியவற்றைப் பார்த்து அறிகிறார்கள். எத்தனையோ தேக்சா இறக்கிப் பெற்ற அறிவு அது. வீட்டில் எட்டுப் பேருக்கு அருமையாக ஆக்குபவளுக்கு அது தானாக வந்துவிடாது. வராதது அவளுக்குக் குறைவுமன்று.

எனக்கு அது ஏழாண்டுகளுக்கு முன் விளங்கியது. ஒரு தோழியின் மகனுக்கு அகீகா. எண்பது பேர் என்றாள். முந்தின நாள் இஷாவுக்குப் பின் தொலைபேசியில் “நூற்றிருபது ஆகிடும் போல” என்றாள். இரவெல்லாம் வெங்காயம் அரிந்தேன். லுஹருக்குப் பின் பந்தி என்றால் ஒரு மணிக்குத் தம் உடைக்க வேண்டும். பன்னிரண்டேகாலுக்குத் தம் போட வேண்டும். அதற்கு அரைமணி முன் அரிசி விழ வேண்டும். பத்து மணிக்காவது கறி ஏற வேண்டும். வெங்காயம் சிவக்கவே முக்கால் மணி நேரம் ஆகிப் பத்தே முக்காலுக்குத்தான் கறியைப் போட முடிந்தது. மூடியின் மேல் கங்கு போதவில்லை. முதல் சஹன் சென்றபோது சோற்றில் பருக்கை தெரியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. நெய்யும் ஏலமும் என் கைப்பணம். கேட்க வாய் வரவில்லை. லுஹரை அஸருக்குச் சற்று முன் அவசரமாகத் தொழுதேன். அன்று மாலை தோழி கட்டிப்பிடித்து “நன்மை உனக்குத்தான்” என்றாள். என் அனுமதியில்லாமல் எனக்கு நன்மையைப் பங்கிட்டுக் கொடுப்பவர்கள் மீது எனக்கு அன்றிலிருந்து சற்றே சந்தேகம் உண்டு.

சுவை கெட்டால் வருத்தத்தோடு போகும். வயிறு கெட்டால்? காலையில் நேரம் போதாது என்று அஞ்சி முந்தைய இரவே ஆக்கிவைப்பவர்கள் உண்டு. சோற்றில் கொதிக்கும் சூட்டிலும் சாகாத ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கின்றன. பெரிய தேக்சாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகும். அவை விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மணத்திலோ நிறத்திலோ அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. கூலிக்கு வந்த பண்டாரியிடம் இதைக் கேட்கலாம், பொறுப்பாக்கலாம். தோழிக்காகச் செய்தவளை யார் கேட்பது? ஆனால் பேச்சு மட்டும் அவள் பெயரில்தான் ஊரைச் சுற்றும்.

“அந்தக் காலத்தில் தெருப் பெண்கள் கூடித்தானே ஆக்கினார்கள்” என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. என் உம்மா காலத்தில் கல்யாண வீட்டின் முந்திய இரவு பதினைந்து, இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்து பூண்டு உரிப்பார்கள், அரிசி பொறுக்குவார்கள், பேசிச் சிரிப்பார்கள். தேக்சாவை ஏற்றி இறக்கியவர் பண்டாரி. அடுத்த மாதம் அந்தப் பதினைந்து பேரில் ஒருத்தி வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர்கள் போய் உரிப்பார்கள். இன்று அந்த வட்டம் கலைந்துவிட்டது. வேலை மட்டும் கலையாமல், அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒருத்தியின் தோளில் வந்து இறங்கியிருக்கிறது.

மார்க்கத்தின் பெயரால் வாயடைப்பவர்களுக்கு ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறேன். ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் உண்டு முடித்த பின்னும் சிலர் பேசிக்கொண்டே அமர்ந்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்களுக்கு எழுந்து போகச் சொல்ல நாணம். அப்போது இறங்கிய அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆவது வசனம், அது நபிக்குத் துன்பமாக இருந்ததையும், அவர்கள் வெட்கப்பட்டதையும், அல்லாஹ் உண்மையைச் சொல்ல வெட்கப்படுவதில்லை என்பதையும் வெளிப்படையாகக் கூறுகிறது. ஒருவரின் நாணத்தின் மேல் மற்றவர் வசதியாக உட்கார்ந்துகொள்வதைப் பற்றிய வசனம் அது. முகத்துக்காகத் தலையசைத்த பெண்ணின் சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் இருக்கிறது என்று அழைப்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் பயணத்தின் நடுவே தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் பரப்பப்பட்டன. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. வசதியில்லையா? விருந்தைச் சுருக்குங்கள். அகீகாவின் இறைச்சியைப் பச்சையாகவே பங்கிட்டுக் கொடுப்பதும் செல்லும். தோழியின் முதுகைச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆண்களுக்கும் இதே வலை வேறு வடிவில் விரிக்கப்படுகிறது. “உனக்குத்தான் பண்டாரியைத் தெரியுமே, நீயே பேசி முடித்துவிடு மச்சான்” என்பார்கள். கைப்பேசி எண்ணைக் கொடுப்பது ஒன்று. நடுவில் நிற்பது வேறு. முன்பணத்தை நீங்கள் கொடுத்த நொடியில் பண்டாரியின் கண்ணில் வீட்டுக்காரர் மறைந்து நீங்கள் மட்டுமே தெரிவீர்கள். ஆள் கூடினால் கூடுதல் அரிசிக்கு உங்களைக் கேட்பார். கறி கடினமாக இருந்தால் வீட்டுக்காரர் உங்களைப் பார்ப்பார். மீதிப் பணம் இழுபட்டால், வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில், அந்த உழைப்பாளியின் வாசலில் தலைகுனிந்து நிற்பவரும் நீங்களே. ஏற்பதானால் தலைக்கணக்கு, விலை, மீதி தரும் நாள் மூன்றையும் வீட்டுக்காரரும் பண்டாரியும் நேருக்கு நேர் பேசி எழுதிக்கொள்ளச் செய்துவிட்டு விலகுங்கள்.

மறுக்கும் முறையிலும் நம்மிடம் ஒரு பிழை உண்டு. வாய் திறந்து “முடியாது” என்று சொல்ல அஞ்சி “இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்” என்கிறோம். அல்லாஹ்வின் பெயரைத் திரையாக்கி அதன் பின்னால் ஒளிந்து கொள்கிறோம். கேட்டவள் அதை ஒப்புதல் என்றெடுத்துப் பண்டாரியைத் தேடாமல் இருந்துவிடுகிறாள். மூன்று நாள் முன்பு நாம் பின்வாங்கும்போது ஊரில் எந்தப் பண்டாரிக்கும் நாள் இருக்காது. வாக்கு மீறியதும் நாம், விருந்தைக் கெடுத்ததும் நாம். மறுப்பதென்றால் கேட்ட அன்றே, அதிகம் போனால் மறுநாள் மறுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு இன்னொரு தோழி கேட்டபோது அவ்வாறே செய்தேன். “நூறு பேருக்கு ஆக்க எனக்குத் தெரியாது, என்னால் ஆகாது. பண்டாரி ஒருவரின் எண் தருகிறேன், நீயே பேசிக்கொள். வெள்ளி இரவு வந்து உன்னோடு பூண்டு உரிக்கிறேன். பச்சடி மட்டும் என் பொறுப்பு” என்றேன். காரணங்களை நீட்டவில்லை; பிள்ளைக்குத் தேர்வு, மாமிக்கு உடல்நலமில்லை என்றெல்லாம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு தீர்வு வைத்திருப்பாள், கடைசியில் நான் பொய்யளாக நிற்பேன். நீண்ட நேரம் தொலைபேசியில் சத்தமில்லை. பிறகு, “சரி, எண்ணை அனுப்பு” என்றாள். குரலில் கசப்பு இருந்தது. மறைக்க அவளும் முயலவில்லை. சொன்னபடி வெள்ளி இரவு போனேன், உரித்தோம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த வாதத்தை நான் நீட்டமாட்டேன். மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் வீட்டாருக்கு உணவு ஆக்கிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பிறரைப் பணித்தார்கள். துயரம் அவர்களை ஆட்கொண்டிருந்தது. மய்யித் வீட்டில் அடுப்பெரியாத நாளில் யாரும் நம்மைக் கேட்பதற்குக் காத்திருக்கக் கூடாது. அங்கே நூறு பேருக்கு பிரியாணியும் தேவையில்லை. அந்த வீட்டில் இருக்கும் ஏழெட்டுப் பேருக்குச் சோறும் பருப்பும் ஒரு கறியும் போதும். அது நம் வீட்டுச் சட்டியிலேயே ஆகும். சென்ற மாதம் எங்கள் அடுத்த தெருவில் ஒரு மய்யித். ஊரெல்லாம் வந்து போனது. மதியம் இரண்டு மணி வரை அந்த வீட்டுப் பிள்ளைகள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.